கணக்கில் 180 கோடி, கையில் 5 கோடிகூட இல்லை

2021 நவம்பர் இறுதியில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 159 கோடி டாலர். டிசம்பர் இறுதியில் அதே கையிருப்பு 310 கோடி டாலர் என்று அந்நாட்டு மத்திய வங்கி அறிவித்தது. ஒரே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த மாதத்தில் தேயிலை ஏற்றுமதி துள்ளிக் குதிக்கவில்லை, விமானங்களில் சுற்றுலாப் பயணிகள் வந்து குவியவில்லை, யாரும் பெரிய கடன் கொடுக்கவும் இல்லை. கொழும்பில் எரிவாயு சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு எப்படி ஏறியது? இந்தக் கேள்விக்கான பதிலுக்குள்தான் கையிருப்பு என்றால் என்ன, அது எதற்கு, எப்போது உதவாமல் போகும் என்ற மூன்றும் இருக்கின்றன.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். இலங்கை அரசு தனக்குத் தேவையான ரூபாயை அச்சடித்துக்கொள்ள முடியும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து பெட்ரோல் கப்பலை அனுப்புகிறவர் இலங்கை ரூபாயை வாங்க மாட்டார். அவருக்கு டாலர்தான் வேண்டும். மருந்து, கோதுமை, நிலக்கரி எல்லாவற்றுக்கும் இதே கதை. சாதாரண நாட்களில் இந்த டாலரை அரசு தர வேண்டியதில்லை. துபாயில் வேலை செய்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணமும், ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர் ஈட்டும் பணமும், விடுதியில் தங்கும் வெள்ளைக்காரர் மாற்றும் பணமும் வங்கிகளுக்குள் வந்து விழுகின்றன. இறக்குமதியாளர் அதே வங்கியில் ரூபாயைக் கட்டி அந்த டாலரை வாங்கிக்கொள்கிறார். வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை மத்திய வங்கி வேடிக்கை பார்த்தால் போதும்.

சமமாக இல்லாத நாளுக்காகத்தான் கையிருப்பு. வரத்து மிகுந்திருக்கும்போது மத்திய வங்கி சந்தையில் டாலரை வாங்கி, பதிலுக்குப் புதிதாக உருவாக்கிய ரூபாயைக் கொடுக்கிறது. வரத்து குறையும்போது அந்த டாலரை விற்கிறது. வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை வரும்போதும் அதிலிருந்தே கொடுக்கிறது.

இந்த டாலர் ஏதோ ஓர் இரும்புப் பெட்டகத்தில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பகுதி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களாகவும், பிற நாட்டு மத்திய வங்கிகளில் போட்டுவைத்த வைப்புத்தொகையாகவும் இருக்கும். ஒரு பகுதி தங்கம். சர்வதேச நாணய நிதியத்தில் உள்ள பங்கு கொஞ்சம். அதாவது கையிருப்பு என்பது பெரும்பாலும் அடுத்தவருடைய கணக்குப் புத்தகத்தில் நம் பெயருக்கு நேரே எழுதப்பட்ட ஒரு தொகை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கிப்போட்டன. தொகை ரஷ்யாவினுடையதுதான், ஆனால் எடுக்க முடியாது.

இலங்கைக்கு யாரும் எதையும் முடக்கவில்லை. அங்கே சிக்கல் வேறு விதம்.

2021 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி சீன மக்கள் வங்கியுடன் 1,000 கோடி யுவானுக்கு ஒரு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்தது. அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி டாலர். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இரு மத்திய வங்கிகளும் தத்தம் நாணயத்தை மற்றவரின் கணக்கில் வரவு வைக்கும். தவணை முடிந்ததும் வட்டியுடன் திருப்பிக்கொள்ளும். டிசம்பரில் இலங்கை அந்த யுவானை எடுத்துத் தன் கையிருப்புக் கணக்கில் சேர்த்தது. 159 கோடி, 310 கோடி ஆனது அப்படித்தான்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இலங்கையிடம் இருந்தால்தான் அந்த யுவானைச் செலவழிக்கலாம். 2021இல் இலங்கையின் இறக்குமதி சுமார் 2,060 கோடி டாலர். மாதத்துக்கு 170 கோடி என்று வைத்தால், மூன்று மாதத்துக்கு 510 கோடி டாலர் வேண்டும். இருந்ததோ, யுவானையும் சேர்த்தே 310 கோடி. கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நகை மாதிரிதான் இது: போட்டுக்கொண்டு நிற்கலாம், அவசரத்துக்கு அடகு வைக்க முடியாது. பணம் தேவையில்லாத நிலையில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு ஒரு பணத்தை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். அறிவிக்கும் எண் பெரிதாகத் தெரிந்தால் கடன் கொடுத்தவர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள், சந்தை பதறாது என்ற கணக்கைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கையிருப்பு இந்த அளவுக்கு வந்தது எப்படி? 2019 இறுதியில் இலங்கையிடம் 760 கோடி டாலர் இருந்தது. பார்வைக்கு நல்ல தொகை. ஆனால் அதில் பெரும்பங்கு சம்பாதித்ததல்ல, வாங்கிய கடன். இலங்கை பல பத்தாண்டுகளாகவே விற்பதைவிட அதிகமாக வாங்கும் நாடு. 2007 முதல் சர்வதேசச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டு, அப்படி வந்த பணத்தில் பற்றாக்குறையை அடைத்தது, மிஞ்சியதைக் கையிருப்பாக வைத்தது. பழைய பத்திரத்துக்குத் தவணை வந்தால் புதிய பத்திரம் வெளியிட்டு அடைப்பது வழக்கம். 2019 இறுதியில் செய்த பெரிய வரிக்குறைப்புக்குப் பின் அரசின் வருமானம் சரிந்தது, 2020இல் பெருந்தொற்று வந்தது, தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையைக் கீழே இறக்கின, புதிய பத்திரத்தை வாங்க ஆளில்லை. சுற்றுலா 2018இல் கொண்டுவந்தது சுமார் 438 கோடி டாலர்; 2021இல் வந்தது சுமார் 50 கோடி. தவணைகள் மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

சம்பாதித்த கையிருப்புக்கும் கடன் வாங்கிச் சேர்த்த கையிருப்புக்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரியாது. நூறு டாலர் நூறு டாலர்தான். கடன்காரர் திரும்பக் கேட்கும் நாளில்தான் தெரியும். அதனால்தான் இத்துறையில் இருப்பவர்கள் மாத இறக்குமதிக் கணக்கோடு நிறுத்துவதில்லை. அடுத்த ஓராண்டுக்குள் வெளிநாட்டுக்குக் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, அதற்குக் கையிருப்பு போதுமா என்றும் பார்க்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விடக் கொடிய ஒரு தவறு 2021 செப்டம்பரில் நடந்தது. மத்திய வங்கி ஆளுநராக அஜித் நிவார்ட் கப்ரால் மீண்டும் பொறுப்பேற்ற காலம். டாலர் விலை ஏறக்குறைய 203 ரூபாயிலேயே கட்டிப்போடப்பட்டது. வங்கிகள் அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வெளியே கறுப்புச் சந்தையில் ஒரு டாலர் 240 ரூபாயைத் தாண்டிப் போயிற்று.

கத்தாரில் வேலை செய்யும் ஒருவர் மாதம் 400 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 81,200 ரூபாய். உண்டியலில் கொடுத்தால், 240 என்றே வைத்தாலும், 96,000 ரூபாய். ஏறக்குறைய 15,000 ரூபாய் வித்தியாசம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உண்டியல் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. போர்க்காலம் முதலே புலம்பெயர்ந்தவர்களின் பணம் அவ்வழியாகவும் வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது நாடு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது.

உண்டியலில் டாலர் இலங்கைக்குள் வருவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்டியல்காரர் டாலரைக் கத்தாரிலேயே வாங்கிக்கொள்கிறார். கொழும்பில் ஓர் இறக்குமதியாளருக்கு வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. அவர் உண்டியல்காரரின் ஆளிடம் ரூபாயைக் கொடுக்கிறார். அந்த ரூபாய் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது. கத்தாரில் இருக்கும் டாலர், அந்த இறக்குமதியாளருக்குச் சரக்கு அனுப்பிய வெளிநாட்டுக்காரரின் கணக்குக்குப் போகிறது. தொழிலாளிக்கு லாபம், இறக்குமதியாளருக்குச் சரக்கு கிடைத்தது. நடுவில் காணாமல் போனது வங்கிக்கு வந்திருக்க வேண்டிய டாலர். ஆப்பிளும் அலங்காரப் பொருளும் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கும்; வங்கி வழியாக மட்டுமே டாலர் வாங்கக்கூடிய அரசின் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் மருந்துக் கொள்முதலுக்கும் டாலர் இருக்காது.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர். 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. வேலைக்குப் போனவர்கள் குறையவில்லை. விலையைக் கட்டிப்போட்டதால் பணம் பாதை மாறியது. நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்றத்தான் அந்தக் கட்டு. அதைக் காப்பாற்றத் தேவையான டாலரையே அந்தக் கட்டு விரட்டியது.

2021 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. மத்திய வங்கியின் தங்கம் 38.2 கோடி டாலர் மதிப்பிலிருந்து 17.5 கோடிக்கு இறங்கியது. பாதிக்கு மேல் விற்றுவிட்டார்கள். ஒரு பக்கம் செலவழிக்க முடியாத யுவான் கணக்கில் ஏறுகிறது, இன்னொரு பக்கம் செலவழிக்கக்கூடிய தங்கம் வெளியே போகிறது. மொத்தம் மட்டும் கூடுகிறது.

தங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1991. இந்தியாவின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டும் காணும் நிலையில் இருந்தபோது, நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநர். துணை ஆளுநர் சி. ரங்கராஜன். முதலில் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த 20 டன் தங்கம் ஸ்டேட் பாங்க் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் சுமார் 47 டன் லண்டனுக்கு விமானத்தில் போனது. அதைப் பிணையாக வைத்து இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் கொடுத்தவை சேர்த்து 40.5 கோடி டாலர். நாட்டின் தங்கத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்று அப்போது எழுந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அந்த அடகு ஓர் உண்மையைக் காட்டியது: மும்பைப் பெட்டகத்தில் கிடக்கும் தங்கமும் கையிருப்புதான், ஆனால் கடன் கொடுப்பவர் அதைத் தன் இடத்தில் பார்த்த பிறகே பணத்தை நீட்டுவார். சில மாதங்களிலேயே கடனை அடைத்துத் தங்கத்தை மீட்டார்கள். இந்தியா தன் தவணை எதையும் தவறவிடவில்லை.

இலங்கையால் அதைச் சொல்ல முடியவில்லை. 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பத்திரம் ஒன்று முதிர்ந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணமில்லாதபோது இதைக் கட்ட வேண்டாம், கடன்காரர்களோடு பேசித் தவணையை மாற்றுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அரசு கட்டியது. இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை என்ற பெருமையைக் காக்க விரும்பினார்கள். கெளரவம் பெரிதுதான், ஆனால் அந்த 50 கோடி, மூன்று மாதம் கழித்து இருந்ததைப் போலப் பத்து மடங்கு.

மார்ச் 7 அன்று 203 என்ற கட்டு அவிழ்ந்தது. மாத இறுதிக்குள் டாலர் 300 ரூபாயைத் தொட்டது, மே மாதம் 360. தாள் இல்லாததால் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டதும் இதே மார்ச்சில்தான். ஏப்ரலில் கப்ரால் விலகி நந்தலால் வீரசிங்க ஆளுநரானார். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

ஏப்ரல் இறுதியில் மத்திய வங்கியின் கணக்கில் கையிருப்பு சுமார் 180 கோடி டாலர். மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னது, எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று. இரண்டுமே உண்மையான எண்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சீன யுவான்.

5 கோடி டாலர் என்றால் எவ்வளவு என்பதை மே 18 காட்டியது. பெட்ரோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் இலங்கைக் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது, அதற்குக் கொடுக்க டாலர் இல்லை, அதே நிறுவனத்துக்கு முந்தைய சரக்குக்கான 5.3 கோடி டாலர் பாக்கியும் இருக்கிறது என்று எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர அன்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நாட்டின் கையில் இருந்த மொத்தத்தையும் துடைத்துக் கொடுத்தாலும் ஒரு கப்பலின் பழைய பாக்கிகூடத் தீராது. அதே நாளில்தான் ஏப்ரலில் கட்டத் தவறிய 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் அவகாசமும் முடிந்தது. அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து, தமிழ்நாடு அரசு அனுப்பிய 9,000 டன் அரிசியும் பால் மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது.

அதன் பிறகு சேர்த்தது மெதுவான வேலை. விலைக்கட்டு போனதும் வங்கிக்கும் உண்டியலுக்கும் இடையே வித்தியாசம் சுருங்கியது. பணம் வங்கிக்குத் திரும்பியது. 2023இல் சுமார் 597 கோடி டாலர், 2024இல் 658 கோடி. வாகன இறக்குமதி 2020இலிருந்தே தடையில் இருந்ததால் வெளியே போவதும் குறைவு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 290 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் அது தவணை தவணையாக வருவது, முதல் தவணை 33 கோடி மட்டுமே. கையிருப்பை உண்மையில் உயர்த்தியது மத்திய வங்கி சந்தையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக டாலர் வாங்கியதுதான். 2024 இறுதியில் 610 கோடி ஆனது. அந்த 610இலும் சீன யுவான் இருக்கிறது. இப்போது அறிவிப்பிலேயே அதைச் சொல்லி, பயன்படுத்த நிபந்தனை உண்டு என்றும் எழுதுகிறார்கள்.

அப்படியானால் எல்லா நாடும் மலைபோல் சேர்த்து வைத்துக்கொண்டால் போயிற்றே என்று தோன்றும். சேர்ப்பதற்கும் செலவு உண்டு. டாலரை வாங்கும்போது மத்திய வங்கி வெளியிடும் ரூபாய் சந்தையில் புழங்கி விலைவாசியை ஏற்றும். ஏற்றாமலிருக்க அந்த ரூபாயைப் பத்திரம் விற்றுத் திரும்ப உறிஞ்ச வேண்டும், அதற்கு உள்நாட்டு வட்டி கொடுக்க வேண்டும். வாங்கிய டாலரை அமெரிக்கப் பத்திரத்தில் போட்டால் கிடைக்கும் வட்டி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இந்த வித்தியாசம் ஆண்டுதோறும் கைவிட்டுப் போகும் காப்பீட்டுப் பிரீமியம்.

இந்திய ரிசர்வ் வங்கி வெள்ளிக்கிழமைதோறும் தன் கையிருப்பை வெளியிடுகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் அது 70,400 கோடி டாலரைத் தாண்டியது. செய்தித்தாளில் வரும் இந்த எண்ணை இரண்டு விஷயங்களை வைத்துப் படிக்கலாம். ஒன்று, தங்கமும் யூரோவும் யென்னும் அன்றைய விலையில் டாலராக மாற்றிக் கணக்கிடப்படுகின்றன; ஆகவே ஒரு டாலர்கூட வாங்காமலே, தங்கம் விலை ஏறிய வாரத்தில் கையிருப்பு ஏறிவிடும். இன்னொன்று, முன்பேரம். ரூபாய் சரியும்போது ரிசர்வ் வங்கி டாலரை உடனே விற்காமல், சில மாதம் கழித்துத் தருகிறேன் என்று ஒப்பந்தமாகவும் விற்கும். அப்படி விற்றது கொடுக்கும் நாள் வரும்வரை வெள்ளிக்கிழமை எண்ணில் கழிக்கப்படாது. ரிசர்வ் வங்கியின் மாத அறிக்கையில் ஒரு தனி அட்டவணையில் இருக்கும். 2025 பிப்ரவரி இறுதியில் அந்த அட்டவணையில் இருந்தது 8,000 கோடி டாலருக்கு மேல். மொத்தக் கையிருப்போடு பார்த்தால் இந்தியாவுக்கு அது பயப்படும் அளவல்ல. வெள்ளிக்கிழமைச் செய்தியில் மட்டும் அது வராது.